கபடிப் போட்டியை நடத்தித் தந்த பெற்றோர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் நன்றிக் கடிதம்

தண்டையார்பேட்டை, சென்னை
28 ஜனவரி 2026

அன்புள்ள பெற்றோர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் வணக்கம்.

கடந்த சனி, ஞாயிறு ஆகிய இரண்டு நாள்களும் நம் பள்ளி மைதானத்தில் நடைபெற்ற, 16 வயதுக்கு உட்பட்ட மாணவியருக்கான கபடிப் போட்டி எவ்விதக் குறையுமின்றி நிறைவடைந்தது. பரிசளிப்பு விழாவில் சிறப்பு விருந்தினர்களுக்கும் நடுவர்களுக்கும் முறைப்படி நன்றி கூறினோம். ஆனால் அதே நேரத்தில் மேடைக்குப் பின்னால் உங்களில் பலர் அண்டாக்களைக் கழுவிக்கொண்டும், பந்தல் துணிகளை மடித்துக்கொண்டும், வெளியூர்ப் பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டும் இருந்தீர்கள். உங்களை மேடைக்கு அழைத்து ஒருவருக்காவது பொன்னாடை போர்த்த வேண்டும் என்ற எண்ணம், இருட்டிய பிறகு மைதானத்தில் தனியாக நின்றபோதுதான் எனக்குத் தோன்றியது. அந்தத் தவறுக்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். மேடையில் சொல்லியிருக்க வேண்டியதை இக்கடிதத்தில் சொல்கிறேன்.

பன்னிரண்டு பள்ளிகள், அணிக்குப் பன்னிரண்டு பேர் வீதம் 144 மாணவியர், இரண்டு நாள்களில் பதினாறு ஆட்டங்கள். இதை நடத்த என்னுடன் இருந்தவர்கள் ஓர் உதவிப் பயிற்சியாளரும் இரண்டு ஆசிரியர்களும்தான். மற்ற அனைத்தையும் நீங்கள் முப்பத்தெட்டுப் பேர் உங்கள் தோளில் ஏற்றுக்கொண்டீர்கள்.

சனிக்கிழமை விடியற்காலையை நான் என்றும் மறக்க மாட்டேன். மண் தரையில் கபடி ஆட வேண்டுமென்றால், மண்ணும் எருவும் மரத்தூளும் கலந்து பரப்பிய களத்தை முதல் நாள் இரவே நன்றாக நனைத்து, காலையில் உருளை ஓட்டிப் பதப்படுத்த வேண்டும். காய்ந்த தரையில் பிடித்து விழுத்தும்போது பிள்ளைகளின் முழங்கையும் முழங்காலும் உரிந்துவிடும். வெள்ளிக்கிழமை இரவு வருவதாகச் சொல்லி முன்பணம் பெற்றிருந்த தண்ணீர் லாரி விடியும்வரை வரவில்லை. தொலைபேசியையும் யாரும் எடுக்கவில்லை. நான்கரை மணிக்கு நம் குழுவில் ஒரே ஒரு செய்தி அனுப்பினேன். ஐந்து மணிக்குள் பதினேழு பேர் குடங்களோடு வந்து நின்றீர்கள். பள்ளிக்குப் பின்புறமுள்ள அடிபம்பிலிருந்து களம்வரை வரிசையாக நின்று, கைக்குக் கை குடம் மாற்றி, இரண்டு ஆடுகளங்களையும் ஏழு மணிக்குள் நனைத்து முடித்தீர்கள். முதல் ஆட்டம் அறிவித்தபடியே எட்டரை மணிக்குத் தொடங்கியது. வந்திருந்த எந்த அணிக்கும் இரவில் நேர்ந்தது எதுவும் தெரியாது.

களத்தின் கோடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வழக்கம்போல் சுண்ணாம்புத் தூளில் போடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். முகம் குப்புற விழும் பிள்ளைகளின் கண்ணில் சுண்ணாம்பு பட்டால் என்ன ஆகும் என்று ஏழாம் வகுப்பு மாணவி ஒருவரின் பாட்டி கேட்டார்; அவரே பத்துக் கிலோ கோலமாவு வாங்கிவந்தார். பதினோரு மீட்டர் நீளமும் எட்டு மீட்டர் அகலமும் உள்ள களத்தில் நடுக்கோடு, அதிலிருந்து மூன்று மீட்டரில் பாக் லைன், அதற்கு அப்பால் ஒரு மீட்டரில் போனஸ் லைன் என்று கயிறு பிடித்து அளந்து காட்டியது மட்டுமே நான் செய்த வேலை. ஒவ்வோர் ஆட்டமும் முடிந்தவுடன், அழிந்துபோன இடங்களில் அந்த அம்மா குனிந்து, இரண்டு விரல்களுக்கிடையே மாவை விட்டு, வாசலில் கோலம் இழுப்பதுபோல் ஒரே இழுப்பில் கோட்டை நேராக்கினார். போனஸ் புள்ளிக்கு ரெய்டரின் கால் கோட்டைக் கடந்ததா இல்லையா என்ற தகராறு இந்த இரண்டு நாள்களில் ஒருமுறைகூட எழாததற்கு அந்தக் கோடுகளே காரணம் என்று நடுவர்களே என்னிடம் கூறினார்கள்.

உணவுக் குழுவினருக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஆட்டத்துக்கு முன் வயிறு நிறையச் சாப்பிடக் கூடாது, ஆட்டம் முடிந்த அரை மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும் என்று நான் சொன்ன ஒரு வார்த்தைக்காக, எல்லோருக்கும் ஒரே பந்தி என்ற ஏற்பாட்டையே மாற்றி, ஆட்ட அட்டவணையை அடுப்படியில் ஒட்டிவைத்து, எந்த அணி எப்போது களத்தைவிட்டு வெளியே வரும் என்று பார்த்துப் பார்த்துப் பரிமாறினீர்கள். வாழைப்பழமும், உப்பும் சர்க்கரையும் கரைத்த எலுமிச்சைச் சாறும் காலை முதல் மாலைவரை தீரவேயில்லை. காசிமேட்டில் மீன் வியாபாரம் செய்யும் மூன்று தாய்மார்கள் ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்தையே விட்டுவிட்டு வந்திருந்தார்கள். வாரத்தில் அந்த ஒரு நாள் வருமானம் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு முக்கியம் என்பது இந்தப் பகுதியில் வாழும் நம் எல்லோருக்கும் தெரியும். அவர்கள் வெறுங்கையோடும் வரவில்லை. மீன் வைக்காத புதிய தெர்மாகோல் பெட்டிகளில் ஐஸ்கட்டி நிரப்பிக் கொண்டுவந்தார்கள். கணுக்கால் பிசகிய மாணவிக்கு உடனே ஒத்தடம் கொடுக்க முடிந்தது அதனால்தான்.

அந்த ஒத்தடத்தைக் கொடுத்தவர், அரசு மருத்துவமனையில் செவிலியராக இரவுப் பணி முடித்து நேராக மைதானத்துக்கு வந்த நம் பெற்றோர் ஒருவர். அவரைப் பற்றி இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். இந்த வயதுப் பிரிவுக்கு எடை வரம்பு 55 கிலோ. சனிக்கிழமை காலை எடை பார்க்கும்போது வெளியூர் அணி மாணவி ஒருவருக்கு 55 கிலோ 300 கிராம் காட்டியது. முந்தைய நாள் மதியத்திலிருந்து அந்தப் பெண் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பதை விசாரித்து அறிந்தவர் அவர்தான். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடட்டும் என்ற யோசனை எழுந்தபோது, அந்த நிலையில் ஓடினால் பிள்ளை மயங்கி விழும் என்று உறுதியாகச் சொல்லித் தடுத்தார். பிறகு பன்னிரண்டு அணி மேலாளர்களும் கூடிப் பேசி, இந்தப் போட்டிக்கு மட்டும் அரைக் கிலோ சலுகை தருவதாக எழுதிக் கையெழுத்திட்டோம். அந்த மாணவி இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு ஆடினார். பட்டினி போட்டு எடை குறைக்கும் பழக்கத்தை நான் வெறுக்கிறேன். நம் அணியில் அதை ஒருபோதும் அனுமதித்ததில்லை. உங்கள் வீட்டில் பிள்ளை சாப்பாட்டைத் தவிர்க்கத் தொடங்கினால், தயவுசெய்து அன்றே என்னிடம் சொல்லுங்கள்.

வகுப்பறைகளைத் திரை கட்டி உடை மாற்றும் அறைகளாக்கி, வாசலில் முறைவைத்துக் காவல் இருந்து, நாப்கின்களையும் கூடுதல் உடைகளையும் தயாராக வைத்திருந்த தாய்மார்களுக்கு என் மனமார்ந்த நன்றி. மெட்ரோவில் வந்த அணிகளைத் தண்டையார்பேட்டை நிலையத்திலேயே எதிர்கொண்டு அழைத்துவந்து, மாலையில் திரும்பவும் ரயில் ஏறும்வரை உடன் இருந்த ஆட்டோ ஓட்டுநர்களான தந்தையர் நால்வருக்கும், ஒலிபெருக்கிச் சத்தத்தைப் பொறுத்துக்கொண்ட தெருவாசிகளுக்கும் நன்றி.

நம் முன்னாள் மாணவியர் அறுவர் புள்ளிக் கணக்கு எழுத அமர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் அரையிறுதியில் செய்ததை, அந்த நேரத்தில் மைதானத்தின் மறுபக்கம் இருந்த பெற்றோர்கள் அறிந்திருக்க மாட்டீர்கள். கபடியில் வெளியேறியவர்கள், வெளியேறிய அதே வரிசையில்தான் மீண்டும் களத்துக்குள் வர வேண்டும். ஆட்டம் முடிய நான்கு நிமிடங்கள் இருந்தபோது நமக்கு ஒரு புள்ளி கிடைத்தது. நம் முதன்மை ரெய்டர் உள்ளே வந்துவிட்டார். எதிரணி மறுப்புத் தெரிவித்தது. நடுவர் மேசைக்கு வந்து கேட்டதும், அந்தப் பெண் ஒரு நொடியும் தயங்காமல் தன் நோட்டைத் திருப்பிக் காட்டினார். நம் இன்னொரு வீராங்கனைதான் முதலில் வெளியேறியவர் என்று வரிசை எண்ணுடன் தெளிவாக எழுதியிருந்தது. ரெய்டர் திரும்பிப்போய் உட்கார்ந்தார். இரண்டு புள்ளிகளில் நாம் தோற்றோம். தான் அணிந்த அதே சீருடைக்கு எதிராக உண்மையைச் சொன்ன அந்தப் பெண்ணை, ஆட்டம் முடிந்ததும் முதலில் போய்க் கட்டிக்கொண்டவர் வெளியே உட்கார வேண்டியிருந்த அந்த ரெய்டர்தான். மறுபடியும் எழுந்து மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் வென்ற நம் அணியைப் பற்றி எனக்குப் பெருமை உண்டு. அந்த மேசையைப் பற்றி அதைவிடப் பெருமை உண்டு.

மூன்று ஆண்டுகளுக்கு முன் இந்த அணியைத் தொடங்கியபோது, அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு பெண் பிள்ளைகள் மண்ணில் புரள்வதா என்று கேட்டு, சேர்த்த பிள்ளைகளைத் திரும்ப அழைத்துச் சென்ற குடும்பங்கள் பல. உங்கள் வீட்டுத் திண்ணைகளில் உட்கார்ந்து நான் பேசிய மாலைகள் நினைவிருக்கும். கடந்த ஆண்டு கண்ணகி நகரைச் சேர்ந்த கார்த்திகா, பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்திய மகளிர் கபடி அணியோடு தங்கம் வென்று திரும்பியபோது, எங்கள் பிள்ளையும் ஆடட்டும் என்று சிலர் தாங்களாகவே வந்தீர்கள். அன்று மறுத்த ஒரு தந்தை இந்த ஞாயிற்றுக்கிழமை காலை முதல் இரவுவரை களத்துக்கு உருளை ஓட்டினார். அவர் மகள் அன்று மாற்று வீராங்கனையாக வெளியேதான் உட்கார்ந்திருந்தார். ஆனாலும் அந்தத் தந்தை ஒவ்வொரு பிடிக்கும், எந்த அணியின் பிடியாக இருந்தாலும், கைதட்டிக்கொண்டே இருந்தார்.

வரவு செலவுக் கணக்கையும் தெரிவித்துக்கொள்கிறேன். உங்களிடமிருந்தும் நலம்விரும்பிகளிடமிருந்தும் பெற்ற தொகை 61,400 ரூபாய். செலவு 57,900 ரூபாய். மீதமுள்ள 3,500 ரூபாயில் முழங்கால் உறைகள் வாங்கலாம் என்பது என் கருத்து. ரசீதுகள் அனைத்தும் உடற்கல்வி அறையில் உள்ளன. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். லாரிக்குக் கொடுத்த முன்பணம் இன்னும் திரும்பவில்லை. வந்ததும் கணக்கில் சேர்த்துத் தெரிவிப்பேன்.

இரண்டு அன்னக்கூடைகள், பெயர் பொறிக்காத ஒரு பித்தளைக் குடம், நீல நிறக் குழந்தைச் செருப்பு ஒரு ஜோடி ஆகியவை என் அறையில் இருக்கின்றன. உரியவர்கள் மாலை ஐந்து மணிக்கு மேல் வந்து பெற்றுக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கு இந்த வாரம் முழுவதும் ஓய்வு; வரும் திங்கட்கிழமை காலை ஐந்தரை மணிக்குப் பயிற்சி மீண்டும் தொடங்கும். அன்று மாலை ஆறு மணிக்கு மைதானத்தில் உங்கள் முப்பத்தெட்டுப் பேருக்கும் பிள்ளைகள் தங்கள் கையால் தேநீரும் சுண்டலும் பரிமாற விரும்புகிறார்கள். இந்த முறை நீங்கள் எந்தப் பாத்திரத்தையும் தொடக் கூடாது என்பது அவர்களுடைய நிபந்தனை. குடும்பத்துடன் அவசியம் வர வேண்டும்.

மிக்க நன்றியுடன்,
உங்கள் பிள்ளைகளின் கபடிப் பயிற்சியாளர்