நடிகர்கள் தேவை: ‘வண்டிச் சாவி’ (மாணவர் குறும்படம்)

பார்வை மங்கிவரும் அப்பாவிடமிருந்து பைக் சாவியை வாங்க வருகிறாள் மகள். 12 நிமிடப் படம். ஒரே வீடு, ஒரே மாலை. எங்கள் இறுதியாண்டுப் படம் இது. கேமரா முன்னால் ஒரு தடவைகூட நின்றதில்லை என்பவர்களைத்தான் முக்கியமாகத் தேடுகிறோம்.

சுந்தரம் (58–68): ஓய்வுபெற்ற மெக்கானிக். கோபக்காரர் இல்லை, கூச்சப்படுகிறவர். கண் தெரியவில்லை என்பதை யாரிடமும் சொல்லாமல் சமாளிக்கிறார். பைக் ஓட்டும் காட்சி கிடையாது.

மீனா (25–32): சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் வீட்டு வேலையை இழுத்துப்போட்டுச் செய்பவள்.

பக்கத்து வீட்டுப் பையன் (10–12): வசனம் இல்லை. ஷூட்டிங் முழுக்கப் பெற்றோரில் ஒருவர் கூட இருக்க வேண்டும்.

நிறம், உயரம், உடல்வாகு எதுவும் பொருட்டில்லை.

ஷூட்டிங் செப்டம்பர் 5, 6, 12, 13. ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல் போகாது. சம்பளம் தர எங்களால் முடியாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சாப்பாடும் போக்குவரத்துச் செலவும் எங்கள் பொறுப்பு. முடிந்த படத்தின் பிரதி உங்களுக்கு வரும்.

கீழே உள்ள பக்கத்தை நடித்து, இந்த அறிவிப்பு வந்த எண்ணுக்கே ஆகஸ்ட் 16-க்குள் வீடியோ அனுப்புங்கள். போனைப் படுக்கைவாட்டில், கண் மட்டத்தில் வையுங்கள். ஜன்னல் உங்கள் முகத்துக்கு எதிரே இருக்கட்டும், முதுகுக்குப் பின்னால் வேண்டாம். முதலில் பெயர், வயது, எந்தப் பாத்திரம். அப்புறம் காட்சி. எதிர் வசனத்தை யாராவது கேமராவுக்குப் பக்கத்தில் நின்று படிக்கட்டும். மனப்பாடம் தேவையில்லை, தாள் கையில் இருக்கலாம். பையன் பாத்திரத்துக்குப் பெயரும் வயதும் சொன்னால் போதும்.

வீடியோ பார்த்து நாங்கள் நேரில் வரச் சொல்பவர்களை ஆகஸ்ட் 22 அன்று பார்ப்போம். இதே காட்சியை இரண்டு முறை எடுப்போம். இரண்டாவது முறை வேறு மாதிரி செய்யச் சொன்னால், முதல் முறை தவறு என்று அர்த்தமில்லை. ஒரு குறிப்பைக் கேட்டு நீங்கள் எப்படி மாறுகிறீர்கள் என்று பார்க்கத்தான் அது. அழாதீர்கள், குரலை உயர்த்தாதீர்கள். எதிரில் இருப்பவர் பேசுவதைக் கேளுங்கள், அதுவே போதும்.

ஆடிஷன் பக்கம்

உள்ளே. வீட்டு முன்னறை. மாலை.

(சுந்தரம் ஜன்னலோரம் உட்கார்ந்து சாவியைத் துணியால் துடைக்கிறார். மீனா துணி மடித்துக்கொண்டிருக்கிறாள்.)

மீனா: டாக்டர் என்ன சொன்னார்ப்பா?

சுந்தரம்: சொட்டு மருந்து கொடுத்திருக்கார்.

மீனா: அவ்வளவுதானா?

சுந்தரம்: அவ்வளவுதான்.

(மீனா மடிப்பதை நிறுத்துகிறாள்.)

மீனா: எதிர் வீட்டு வாசல்ல நிக்குற வண்டி நம்பரைச் சொல்லுங்க.

சுந்தரம்: என்னம்மா, பரீட்சை வைக்கிறியா?

மீனா: சொல்லுங்கப்பா.

(அவர் ஜன்னல் பக்கம் திரும்புகிறார். கண்ணைச் சுருக்கவில்லை.)

சுந்தரம்: நாலு நாலு ஏழு ஒண்ணு.

(மௌனம்.)

மீனா: அவங்க காலையிலேயே வண்டியை எடுத்துட்டுப் போயிட்டாங்கப்பா.

(சுந்தரம் துணியை மடிக்கிறார். பிறகு இன்னொரு முறை மடிக்கிறார்.)

சுந்தரம்: நாளைக்கு ஒரு நாள் மட்டும் ஓட்டிக்கிறேன்மா.