தினசரி வேலை அறிக்கை: 12.02.2025, புதன்

இடம்: மாடம்பாக்கம், ஸ்டில்ட் + 3 மாடி, 6 வீடுகள்
பெறுபவர்: சைட் இஞ்சினியர்
வானிலை: நல்ல வெயில்

ஆட்கள்: கம்பி வேலை 7, சென்ட்ரிங் 5, கொத்தனார் 3, பெரியாள் 2, சித்தாள் 4, எலக்ட்ரீஷியன் 2. மொத்தம் 23.

இரண்டாம் மாடி ரூஃப்: சென்ட்ரிங் முடிந்தது. லெவல் பார்த்ததில் வடகிழக்கு மூலை 8 எம்.எம். இறங்கியிருந்தது, ஜாக்கியை ஏற்றிச் சரி செய்தாயிற்று. பீம் கம்பி முழுவதும் கட்டி, 25 எம்.எம். கவர் பிளாக் வைத்தாயிற்று. ஸ்லாப் கம்பியில் படிக்கட்டுப் பக்கம் மட்டும் பாக்கி.

பால்கனி கம்பிதான் இன்று பிரச்சினை. தெற்குப் பக்கம் 3½ அடி வெளியே நீளும் இரண்டு பால்கனியிலும் மேல் கம்பி 2 அங்குலம் வரை அமுங்கிக் கிடந்தது. மதியம் பைப் போட்டவர்கள் அதன் மேலேயே நடந்திருக்கிறார்கள், மேல் கம்பியைத் தாங்கும் சேர் 4 அடிக்கு ஒன்றுதான் இருந்தது. பால்கனிக்கு மேல் கம்பிதான் உயிர். 5 அங்குல ஸ்லாப்பில் அது நடுவுக்கு இறங்கினால் இருந்தும் இல்லாததுபோல. “கான்கிரீட் போடும்போது தூக்கி விட்டுக்கலாம் சார்” என்றார் மேஸ்திரி. ஒத்துக்கொள்ளவில்லை. 2 அடிக்கு ஒரு சேர் வைத்துத் திரும்பக் கட்டச் சொன்னேன். ஒரு பால்கனி முடிந்தது, இன்னொன்று காலையில் முடியும். நடக்கப் பலகை போட்டிருக்கிறேன். இதனால் அரை நாள் போயிற்று.

எலக்ட்ரிக் பைப் முடிந்தது. ஹால் ஃபேன் பாக்ஸ் ஒன்று டிராயிங்கில் இருந்து ஒரு அடி தள்ளியிருந்தது, மாற்றியாயிற்று.

முதல் மாடி: பி வீட்டு வெளிச்சுவர், 9 அங்குலம், 1:6 கலவை, லிண்டல் மட்டம் வரை. சுமார் 1,400 செங்கல். நேற்றுக் கட்டிய சுவருக்குக் காலையில் தண்ணீர் அடித்தார்கள். சாயங்காலம் டேங்கர் வர 6 மணி ஆகிவிட்டது, அதற்கப்புறம்தான் அடிக்க முடிந்தது.

சரக்கு: சிமெண்ட் காலையில் 62 மூட்டை, செலவு 5, இருப்பு 57. எம்-சாண்ட் ஒரு லோடு வந்தது, தூசி அதிகம். பூச்சுக்கு எடுக்க வேண்டாம், கட்டு வேலைக்குப் போதும். கட்டுக்கம்பி 10 கிலோதான் இருக்கிறது, காலை 8 மணிக்குள் 25 கிலோ வேண்டும்.

பாதுகாப்பு: ஆணியோடு பிரித்த பலகையை ஒரு சித்தாள் மிதித்துவிட்டார். டி.டி. ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பினேன், இன்றைய கூலி உண்டு. பலகைகளை ஓரமாக அடுக்கியாயிற்று.

நாளை: கான்கிரீட் வேண்டாம் சார். மாலை 4 மணிக்கு நீங்கள் வந்து கம்பி பார்த்தால், வெள்ளி காலை 7 மணிக்குப் போடலாம். எம்25, 38 கன மீட்டர், ஆர்டரை வெள்ளிக்கு மாற்றிவிடுங்கள். க்யூப் மோல்டு 6 தயார். பம்ப் வண்டி நின்றால் எதிர்வீட்டுக் கார் வெளியே எடுக்க முடியாது. போன தடவையே சண்டை. இந்தத் தடவை நானே நாளைக்குப் போய்ச் சொல்லிவிடுகிறேன்.

சைட் சூப்பர்வைசர், மாலை 6.45