வியாழன் 11 மணி மீட்டிங்: நான் வர முடியாது, ரேவதி வருவார்

மீனாட்சி மேடம், வணக்கம்.

வியாழக்கிழமை 11 மணி முதல் 1 மணி வரை கிண்டி ஆபீஸில் மீட்டிங் என்று அழைப்பு பார்த்தேன். அன்றைக்கு என்னால் வர முடியாது. உங்கள் மூன்று கண்டெய்னருக்கும் அன்று மாலை 5 மணிதான் கேட் கட்-ஆஃப், மாதவரத்தில் சீல் போட்டு வண்டி கிளம்பினாலும் ஜீரோ கேட் வரிசையில் எவ்வளவு நேரம் நிற்கும் என்று கணக்குச் சொல்ல முடியாது, எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் டிரெய்லர் மாட்டிக்கொண்டால் டிரைவர் என்னைத்தான் கூப்பிடுவார், அந்த நேரத்தில் நான் பேப்பரோடு பக்கத்தில் இருந்தாக வேண்டும். திருவொற்றியூரிலிருந்து மெட்ரோவில் வந்தாலும் போக வரவே இரண்டு மணி நேரம் ஆகிவிடும்.

நீங்கள் அனுப்பிய நான்கு விஷயங்களைப் படித்தேன். இன்வாய்ஸுக்கும் பேக்கிங் லிஸ்ட்டுக்கும் எடை ஒத்துப்போகாதது, ஷிப்பிங் பில் திருத்தம், வி.ஜி.எம். தாமதமாக வருவது, இந்த மூன்றையும் தினமும் பார்ப்பது ரேவதிதான். போன மாதம் ஒரு கண்டெய்னர் கப்பலைத் தவறவிட்டதே, அதில் எந்தத் தாள் எந்த மணிக்கு வந்தது, எங்கே நின்றது என்பதெல்லாம் அவர் கையில் இருக்கிறது. என்னைக் கேட்டாலும் நான் அவரைக் கூப்பிட்டுத்தான் பதில் சொல்வேன். அதனால் அவரையே அனுப்புகிறேன். உங்கள் பில்லிங் ஆட்களும் அன்று உட்கார்ந்தால் நல்லது, ஏனென்றால் திருத்தம் கேட்க வேண்டியது அவர்களிடம்தான். செக்லிஸ்ட் வந்ததும் யார் பார்த்து ஓகே சொல்வது என்பதை அங்கேயே முடிவு செய்துவிடுங்கள், ரேவதி ஒத்துக்கொள்வது எனக்கும் சம்மதம்.

நான்காவது விஷயம், டிரெய்லர் வெயிட்டிங் சார்ஜ், அது என்னுடையது. அதற்கு இரண்டு மணி நேரம் வேண்டாம் மேடம். புதன்கிழமை மாலை 5.30க்கு ஒரு 15 நிமிடம் போனில் பேசலாமா? கடைசி ஆறு டிரிப்புக்கும் கேட்டில் நுழைந்த நேரத்தையும் பில்லையும் அன்று மதியமே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறேன், நீங்கள் பார்த்து வைத்தால் பேச்சு சீக்கிரம் முடியும். 5.30 ஒத்துவராவிட்டால் வியாழன் காலை 8 மணிக்குள் எப்போது கூப்பிட்டாலும் எடுப்பேன்.

ஒன்று மட்டும் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். போன தடவை சரக்கு நின்றபோது உங்கள் பக்கம் எவ்வளவு பேச்சு கேட்டீர்கள் என்று தெரியும், அது இன்னொரு தடவை நடக்கக் கூடாது என்பதால்தான் வியாழன் அன்று நகராமல் இங்கே இருக்கிறேன். அழைப்பில் என் பேருக்குப் பதில் ரேவதி பேரைப் போட்டுவிடுங்கள், அவரிடம் இன்றே சொல்லிவிட்டேன், 10.45க்கு அங்கே இருப்பார்.

புதன் 5.30 சரியா என்று மட்டும் ஒரு வரி போடுங்கள்.

சரவணன்