ஒரு மைல் ஓட்டம்: அப்பாவுக்கு ஒரு விளக்கம்

அன்புள்ள அப்பாவுக்கு,

அடுத்த மாதம் ஆக்ஸ்போர்டில் நான் ஓடவிருக்கும் மைல் பந்தயம், நீங்கள் நம் ஊரில் பார்த்த 1500 மீட்டர் ஓட்டம்தானா என்று கேட்டிருந்தீர்கள். ஏறக்குறைய அதுதான், ஆனால் ஒரு மைல் 1609.344 மீட்டர் என்பதால் கூடுதலாக 109 மீட்டர் ஓட வேண்டும், கால்கள் தளர்ந்த பிறகு வரும் அந்தத் தூரம்தான் பெரும் சோதனை.

400 மீட்டர் தடத்தில் 1500 மீட்டர் என்பது மூன்றே முக்கால் சுற்று. மைலுக்கு நான்கு முழுச் சுற்றுகளோடு ஒன்பது மீட்டர் சொச்சமும் சேர்வதால், முடிவுக்கோட்டுக்கு அவ்வளவு தூரம் பின்னால் போடப்பட்ட தனிக்கோட்டிலிருந்து எங்களை ஓடவிடுவார்கள்.

நேரத்தை ஒப்பிட, 1500 மீட்டர் நேரத்தை 1.08 ஆல் பெருக்கினால் போதும். என்னுடைய 4 நிமிடம் 50 விநாடி, மைலில் சுமார் 5 நிமிடம் 13 விநாடியாகும். கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 3 நிமிடம் 15 விநாடி. நீங்கள் காலையில் நடக்கும் 5 கிலோமீட்டர், மூன்று மைலுக்குச் சற்று அதிகம்.

1954 மே 6 அன்று ரோஜர் பேனிஸ்டர் உலகிலேயே முதன்முறையாக ஒரு மைலை நான்கு நிமிடத்துக்குள், 3 நிமிடம் 59.4 விநாடியில் ஓடி முடித்தது இதே ஊரின் இஃப்லி சாலை மைதானத்தில்தான். அங்கே ஓடப்போவதில் எனக்கு மிகுந்த பெருமை, அப்பா. பந்தயம் முடிந்ததும் நேரத்தை இரண்டு கணக்கிலும் எழுதி அனுப்புகிறேன்.

அன்பு மகள்,
கயல்விழி