அந்த 25 நிமிடம் மட்டும் போன் பைக்குள் இருக்கட்டும்

அன்புள்ள பெரியப்பா, பெரியம்மா, சித்தப்பா, சித்தி, மாமா, அத்தை, அண்ணன், அக்கா, தம்பி, தங்கைகளுக்கும், எங்களோடு படித்த, வேலை பார்க்கிற நண்பர்களுக்கும்,

வணக்கம். வருகிற ஞாயிறு எங்கள் கல்யாணம். வரச் சொல்லி ஏற்கெனவே கூப்பிட்டாகிவிட்டது. இது அழைப்பு இல்லை, ஒரு வேண்டுகோள். எங்கள் இருவருக்கும் மனதுக்கு ரொம்ப நெருக்கமான விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நேரம் கிடைக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

சரியாகக் காலை 10 மணிக்கு முக்கியச் சடங்கு தொடங்கும். 10.25க்குள் முடிந்துவிடும். அந்த 25 நிமிடம் மட்டும் உங்கள் போனைப் பையிலோ சட்டைப்பையிலோ வைத்துவிட்டு எங்களோடு இருக்க முடியுமா? கேட்க வந்தது இவ்வளவுதான்.

ஏன் கேட்கிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன்.

அக்கா கல்யாண ஆல்பத்தில் ஒரு படம் உண்டு. அக்கா மேடையில் நிற்கிறாள். கீழே முதல் வரிசையில் அப்பா. அந்த நொடியில் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார் என்று பக்கத்தில் இருந்த சித்தி சொன்னார். வீட்டில் யாரும் அப்பா அழுது பார்த்ததே இல்லை. ஆல்பம் வந்த அன்று அக்கா அந்தப் பக்கத்தைத்தான் முதலில் தேடினாள். படத்தில் அப்பாவின் தோள் தெரிகிறது, வேட்டி மடிப்பு தெரிகிறது, முகம் இருக்க வேண்டிய இடத்தில் நீல உறை போட்ட ஒரு போனின் முதுகு தெரிகிறது. அந்தப் போனைத் தூக்கிப் பிடித்திருந்தது நான்.

அக்கா ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. பக்கத்தைத் திருப்பிவிட்டாள். அன்று நான் எடுத்த வீடியோ 11 நிமிடம் ஓடும். இன்றுவரை அதை முழுதாக ஒரு முறைகூட நான் பார்த்ததில்லை. அக்கா கல்யாணத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அவள் முகம் இல்லை. சார்ஜ் தீரப்போகிறதே என்று மூலையில் இருந்த பேட்டரி எண்ணை நான் பார்த்துக்கொண்டே இருந்ததுதான். அவள் சொன்ன சொற்களை அப்புறம் அம்மாவிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பத்தடி தூரத்தில் நின்றிருந்தும் எனக்கு அது கிடைக்காமல் போயிற்று.

அதனால் போன் எடுப்பவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயும் வராது, மனமும் வராது. நான் அன்று எடுத்தது ஆசையில்தான். நீங்களும் அந்த ஆசையில்தான் எடுப்பீர்கள். பிள்ளையின் நல்ல நாளைக் கையோடு கொண்டுபோக வேண்டும் என்று நினைப்பது அன்பு இல்லாமல் வேறு என்ன?

உளவியல் ஆய்வாளர் லிண்டா ஹென்கல் 2014இல் வெளியிட்ட ஒரு ஆய்வைப் பற்றிப் பிறகு படித்தேன். அருங்காட்சியகத்தைச் சுற்றிப் பார்க்கப் போனவர்களிடம் சில பொருட்களைப் படம் எடுக்கவும், சிலவற்றை வெறுமனே பார்க்கவும் சொன்னார்கள். மறுநாள் கேட்டபோது, முழுப் பொருளையும் படம் எடுத்துவிட்டு நகர்ந்தவற்றைவிட, கண்ணால் மட்டும் பார்த்தவையே அவர்களுக்கு அதிகம் நினைவில் இருந்தன. படிக்கும்போது எனக்கு அந்த 11 நிமிட வீடியோதான் ஞாபகம் வந்தது.

படங்களைப் பற்றிக் கவலையே வேண்டாம். இரண்டு புகைப்படக்காரர்களும் ஒரு வீடியோகிராபரும் வருகிறார்கள். அவர்களில் ஒருவருக்கு நாங்கள் கொடுத்திருக்கும் வேலையே உங்களைப் படம் எடுப்பதுதான். மேடையை ஒருவர் பார்த்துக்கொள்வார், இன்னொருவர் உங்கள் பக்கமே திரும்பி நிற்பார். நீங்கள் சிரிப்பதும், கண் கலங்குவதும், பக்கத்தில் இருப்பவர் காதில் ஏதோ சொல்வதும் எங்களுக்கு வேண்டும். பல வருடம் கழித்து ஆல்பத்தைத் திறக்கும்போது நாங்கள் தேடப்போவது எங்கள் முகத்தை இல்லை, உங்கள் முகத்தைத்தான்.

போனில் இருந்து வரும் பிளாஷும் அவர்கள் வேலையைக் கெடுத்துவிடும். அவர்கள் அரங்கத்து வெளிச்சத்துக்கு ஏற்றபடி கேமராவை அமைத்திருப்பார்கள். நடுவில் ஒரு பிளாஷ் மின்னினால் அந்த ஒரு படத்தில் முகம் வெளுத்துவிடும். அதே நொடியை மறுபடி எடுக்க முடியாது. பிளாஷ் அணைத்திருந்தாலும், முன்வரிசையில் உயர்கிற ஒரு கை பின்னால் மூன்று வரிசைக்கு மறைக்கும். பாட்டிகள் எல்லாம் உட்கார்ந்தபடியேதான் பார்க்கப்போகிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. மேடையில் நாங்கள் ஒருவருக்கொருவர் சில வார்த்தைகள் சொல்லப்போகிறோம். இருவரும் தனித்தனியாக எழுதிவைத்திருக்கிறோம், இன்னும் ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கவில்லை. அவருக்குக் குரல் சன்னம். கூட்டத்தின் முன்னால் பேசியே பழக்கமில்லாதவர். நிமிர்ந்து பார்க்கும்போது எதிரே தெரிந்த முகங்கள் இருந்தால் பேசிவிடுவேன், வரிசையாகக் கேமரா இருந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று என்னிடம் சொன்னார். எனக்கும் அப்படித்தான். உங்கள் கண்தான் எங்களுக்குத் தைரியம்.

வர முடியாதவர்களுக்காக நேரலை உண்டு. மேடைக்குப் பக்கவாட்டில், யாரையும் மறைக்காத இடத்தில், ஒரு போனை ஸ்டாண்டில் நிறுத்திவைக்கிறோம். சித்தப்பா பையன் அதைப் பார்த்துக்கொள்வான். இணைப்பு இதே குழுவில் சனிக்கிழமை இரவு வரும். "எங்க அம்மாவுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டணும்" என்று நினைப்பவர்கள் அந்த இணைப்பை அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள். அவர்களுக்கும் படம் ஆடாமல் தெரியும், நீங்களும் கையை நீட்டிக்கொண்டே நிற்க வேண்டாம். ஒரே அரங்கில் இருந்து பல பேர் ஒரே நேரத்தில் வீடியோ அனுப்பினால் நெட்வொர்க் திணறும், நேரலையும் நின்று நின்று போகும். வெளியூரில் இருந்து பார்க்கிறவர்களுக்காகவும் இதைக் கேட்டுக்கொள்கிறேன்.

யாரிடமும் போனை வாங்கி வைக்கப்போவதில்லை. வாசலில் பெட்டியும் இருக்காது. அணைத்துவைக்கக்கூடத் தேவையில்லை, சைலண்டில் போட்டால் போதும். ஒரு சின்ன விஷயம்: நிறைய போன்களில் சைலண்டில் போட்டாலும் அலாரம் அடிக்கும். 10 மணி வாக்கில் மாத்திரைக்கோ வேறு எதற்கோ அலாரம் வைத்திருப்பவர்கள் அதை மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். வைப்ரேஷனும் நாற்காலிமேல் வைத்தால் சத்தமாகத்தான் கேட்கும், மடியிலோ பைக்குள்ளோ இருந்தால் தெரியாது.

போன் கையில் இருந்தே ஆக வேண்டியவர்கள் தயங்காமல் வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை அளவைப் போனில் பார்க்கிறவர்கள், காதுக் கருவியைப் போன் வழியாகச் சரிசெய்கிறவர்கள், எந்த நேரமும் அழைப்பு வரக்கூடிய மருத்துவ நண்பர்கள், கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வருகிற அம்மாக்கள், வீட்டில் உடம்பு முடியாதவர் இருப்பவர்கள் யாருக்கும் இந்த வேண்டுகோள் பொருந்தாது. காரணம் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. கதவுப் பக்கம் ஆறு நாற்காலிகளைத் தனியாக ஒதுக்கியிருக்கிறோம். அங்கே உட்கார்ந்தால் அழைப்பு வந்ததும் சட்டென்று வெளியே போய்ப் பேசிவிட்டு வரலாம். வேறு யாருக்காவது அவசர அழைப்பு வரலாம் என்று தோன்றினால், என் தம்பியின் எண்ணை வீட்டில் கொடுத்துவிட்டு வாருங்கள். எண் இந்தக் குழுவிலேயே இருக்கிறது. அவன் கதவருகில்தான் நிற்பான், அழைப்பு வந்தால் உங்களிடம் வந்து மெதுவாகச் சொல்லுவான்.

சின்னப் பிள்ளைகள் கையில் போன் இருந்தால்தான் உட்காருவார்கள் என்றால் இருக்கட்டும். அழவைத்துப் பிடுங்க வேண்டாம். சத்தத்தை மட்டும் குறைத்துவிடுங்கள். பின்வரிசையில் கொஞ்சம் வண்ணப் பென்சிலும் காகிதமும் வைக்கச் சொல்லியிருக்கிறேன், அதில் மனம் போனால் இன்னும் நல்லது.

10.25க்கு அப்புறம் உங்கள் போன், உங்கள் ராஜ்ஜியம். உடனே நாங்கள் மேடையிலேயே நின்றுவிடுவோம், 20 நிமிடம் உங்கள் போனுக்கென்றே வைத்திருக்கிறோம். எத்தனை செல்பி வேண்டுமானாலும் எடுக்கலாம். திரும்பி நில்லுங்கள் என்றால் திரும்பி நிற்போம், சிரியுங்கள் என்றால் சிரிப்போம். பெரியவர்கள் ஏற வேண்டாம், நாங்கள் கீழே இறங்கி அவர்கள் இருக்கும் இடத்துக்கே வருகிறோம். அதற்குப் பிறகு நாள் முழுக்க எப்படி வேண்டுமானாலும் எடுங்கள், எங்கே வேண்டுமானாலும் பகிருங்கள்.

அன்று இரவே சடங்கின் படங்களில் 30ஐ இந்தக் குழுவில் போட்டுவிடுவோம். அவற்றை ஸ்டேட்டஸில் வைத்துக்கொள்ளலாம். மீதிப் படங்கள் வந்ததும் பொது ஆல்பம் ஒன்று திறந்து இணைப்பு தருகிறோம். நீங்கள் எடுத்தவற்றையும் அதில் போடுங்கள், எங்களுக்கு அவையும் வேண்டும்.

சடங்கு தொடங்குவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் தம்பி மைக்கில் இதைச் சொல்லுவான்:

"எல்லாருக்கும் வணக்கம். இன்னும் ஐந்து நிமிடத்தில் முக்கியச் சடங்கு தொடங்குகிறது. மணமக்கள் உங்களிடம் ஒரு அன்பான வேண்டுகோள் வைத்திருக்கிறார்கள். சடங்கு நடக்கும் 25 நிமிடமும் போனை சைலண்டில் போட்டுப் பைக்குள் வைத்துவிட்டு, அவர்களைக் கண்ணால் பார்த்து, மனதால் வாழ்த்துங்கள். படம் எடுக்க ஆள் இருக்கிறார்கள், நேரலையும் ஓடுகிறது. சடங்கு முடிந்ததும் நானே வந்து சொல்கிறேன், அப்போது எல்லாரும் ஆசைதீர எடுக்கலாம். அவசரமாக யாருக்காவது போன் தேவைப்பட்டால் கதவுப் பக்கம் நாற்காலி இருக்கிறது, தாராளமாக வந்து உட்காருங்கள். நன்றி."

அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். பழக்கத்தில் கை போனை எடுத்துவிட்டால் அதற்காகச் சங்கடப்பட வேண்டாம். யாரும் வந்து தோளைத் தட்ட மாட்டார்கள், மேடையில் இருந்து நாங்களும் முகம் சுளிக்க மாட்டோம். ஞாபகம் வந்ததும் உள்ளே வைத்துவிடுங்கள், போதும்.

அப்பாவிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லியிருக்கிறேன், இந்த முறையும் முதல் வரிசைதான் என்று. அக்கா பக்கத்தில் உட்காருவாள். அவர்களுக்கு நேர் எதிரே ஒரு புகைப்படக்காரரை நிற்கச் சொல்லியிருக்கிறேன்.

குழுவில் இல்லாத பெரியவர்களுக்கு இதை நீங்களே ஒரு தடவை வாசித்துக்காட்டிவிடுங்கள். ஏதாவது கேட்க வேண்டுமென்றால் எனக்கோ அவருக்கோ தனியாக எழுதலாம். 9.30க்கெல்லாம் வந்துவிட்டால் நல்ல இடமாகப் பார்த்து உட்காரலாம்.

உங்களை எதிர்பார்த்தபடி,
அன்புடன்,
மணமக்கள் இருவரும்