குப்பை அறைக் கதவும் எலிகளும்: வீட்டு உரிமையாளருக்கு ஒரு கடிதம்

வேளச்சேரி,
12.09.2025

அனுப்புநர்
ப. மீனாட்சி,
முதல் மாடி, வீட்டு எண் 2,
வேளச்சேரி, சென்னை – 600 042.

பெறுநர்
திரு. சொக்கலிங்கம் அவர்கள்,
கட்டட உரிமையாளர்,
காரைக்குடி.

பொருள்: தரைத்தளக் குப்பை அறையின் கதவும் தரையும் உடைந்து கிடப்பது, எலித் தொல்லை, மழைக்காலத்துக்குள் பழுது பார்க்க வேண்டியது.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தாங்களும் அம்மாவும் நலம்தானே? இந்த விஷயத்தைத் தொலைபேசியில் நான்கு முறை சொல்லிவிட்டேன். ஜூன் 20 அன்று வாட்ஸ்அப்பில் படங்களும் அனுப்பினேன். கட்டைவிரல் உயர்த்திய குறி ஒன்று வந்தது, அதற்குப் பின் ஒன்றும் வரவில்லை. அதனால்தான் இப்போது தாளில் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆறு ஆண்டுகளாக உங்கள் வீட்டில் குடியிருக்கிறேன். ஒரு மாத வாடகைகூடத் தள்ளிப்போனதில்லை. குழாய் ஒழுகுகிறது, சுவரில் ஆணி நிற்கவில்லை என்றெல்லாம் உங்களைக் கூப்பிட்டதும் இல்லை.

குப்பை அறையின் கதவு ஏப்ரலில், சித்திரை பிறந்த வாரத்தில், கீலோடு பெயர்ந்து விழுந்தது. கீழ்ப்பகுதி ஊறி உளுத்துப்போய் அதற்கு முன்பே ஒரு கை அகலத்துக்கு ஓட்டை இருந்தது. விழுந்த கதவை வாட்ச்மேன் தாத்தா சுவரில் சாய்த்து வைத்தார். ஐந்து மாதமாகியும் அது அங்கேயே சாய்ந்து நிற்கிறது. உள்ளே மூலையில் தரை உள்வாங்கியிருக்கிறது. கழுவிவிடும் தண்ணீர் வெளியேறும் குழாயின் வாயில் சல்லடை மூடி இல்லை. விளக்கும் எரிவதில்லை. இருட்டில் உள்ளே கால் வைக்க அஞ்சி எல்லோரும் வாசலில் நின்றபடியே பையை வீசுகிறார்கள். நானும் வீசியிருக்கிறேன், மறைப்பதற்கில்லை. பாதி தொட்டியில் விழும், பாதி தரையில் விழும். இரண்டு தொட்டிகளில் ஒன்றுக்கு மூடி கிடையாது, மற்றொன்றுக்குச் சக்கரம் கிடையாது.

இந்த நிலையில் எலி வராமல் வேறு என்ன வரும்?

முதலில் சுண்டெலிகள்தான் வந்தன. ஜூலையிலிருந்து பெருச்சாளிகள். ஒரு நாள் விடியற்காலை ஐந்து மணிக்குப் பால் வாங்க இறங்கினேன். மூடியில்லாத தொட்டியின் விளிம்பில் ஒன்று உட்கார்ந்து, யார் வீட்டுச் சப்பாத்தியோ, இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றிச் சுற்றிக் கொறித்துக்கொண்டிருந்தது. கைப்பேசி வெளிச்சத்தை அதன் மேல் அடித்தேன். ஓடவில்லை. தலையைத் திருப்பி என்னைப் பார்த்துவிட்டு மிச்சத்தைத் தின்னத் தொடங்கியது. பால் வாங்காமலே நான் மேலே ஏறிவிட்டேன் என்பதை உங்களிடம் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அது கீழே மட்டும் இருந்திருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். கழிவுநீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு எலிகள் மாடிக்கு ஏறுகின்றன. இரண்டாம் மாடியில் ஸ்கூட்டர் வைத்திருக்கும் பெண்ணுக்கு இருக்கைக்கு அடியில் ஒயர் முழுவதும் கடிபட்டு, மெக்கானிக்குக்கு 1,850 ரூபாய் போயிற்று. எங்கள் வீட்டில் சமையலறை ஜன்னலின் கொசுவலையைக் கத்தரித்தாற்போல் வட்டமாக அறுத்துவிட்டு உள்ளே வந்தது. மறுநாள் காலை அரிசி டப்பாவின் மூடி மேல் கறுப்பாக, சீரகம் போல நாலைந்து கிடந்தன. என் மாமியாருக்குக் கண் மங்கல். சீரகம் சிந்தியிருக்கிறது என்று நினைத்துக் கையால் திரட்டி எடுத்து அஞ்சறைப் பெட்டியில் போடப் போனார். அன்றைக்கு அஞ்சறைப் பெட்டியில் இருந்த எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்பினோம்.

மே மாதம் பேசியபோது ஒரு பூனை வளர்க்கச் சொன்னீர்கள். மூன்றாம் மாடியில் அதையும் செய்து பார்த்தார்கள். பூனை மதில் மேல் உட்கார்ந்து பெருச்சாளியைப் பார்க்கிறது, பெருச்சாளியும் பூனையைப் பார்க்கிறது. அதற்கு மேல் அங்கே ஒன்றும் நடப்பதில்லை. பொறி வைத்தோம், நான்கு சுண்டெலிகள் மாட்டின. ஆனால் பெண் எலி சினைப்பட்ட மூன்று வாரத்தில் குட்டி போடும்; அந்தக் குட்டிகளும் இரண்டு மூன்று மாதத்தில் குட்டி போடத் தொடங்கிவிடும். தீனிக்குக் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் பொறியில் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தால் கணக்கு நமக்குச் சாதகமாக வராது.

விஷம் வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். சென்ற ஆண்டு நவம்பரில் குன்றத்தூரில் ஒரு வீட்டில் எலிக்கு வைத்த மருந்தின் நெடியில் இரண்டு குழந்தைகள் இறந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். நம் கட்டடத்தில் பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் ஐந்து பேர் இருக்கிறார்கள், நாள் முழுவதும் கார் நிறுத்தும் இடத்தில்தான் விளையாடுகிறார்கள். அதோடு, விஷம் தின்ற எலி சுவருக்குள் செத்தால் அந்த நாற்றத்துக்கு யாரிடம் போய் முறையிடுவது?

மழையை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. வேளச்சேரியில் வீடு வைத்திருக்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2015இல் என்ன ஆயிற்று, 2023 டிசம்பர் புயலில் என்ன ஆயிற்று என்று இந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பெருமழை வந்தால் முதலில் தண்ணீர் ஏறுவது தரைத்தளத்தில்தான். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் காலில் கீறலோடு நடந்தால் எலிக்காய்ச்சல் வரலாம். அது சிறுநீரகம்வரை போய்விடுகிற காய்ச்சல். அந்தத் தண்ணீரைக் கடந்துதான் நாங்கள் எல்லோரும் வெளியே போய்வர வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் அதிக நாள் இல்லை.

உங்களுக்கே நஷ்டமாகும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். குப்பை அறையின் பின்சுவரை ஒட்டித் தினமும் காலையில் புதுமண் குவிந்திருக்கிறது. பெருச்சாளி இரவெல்லாம் தோண்டித் தள்ளிய மண். தாத்தா அதைக் கூட்டி அள்ளிவிடுகிறார், மறுநாள் அதே அளவு மண் மறுபடியும் கிடக்கிறது. மூலையில் தரை உள்வாங்கியதற்கு அதுதான் காரணம் என்று கொத்தனார் சொல்கிறார். அந்தச் சுவருக்கு மறுபக்கம் குடிநீர்த் தொட்டி இருக்கிறது.

மாநகராட்சி வண்டி சரியாக வருவதில்லை என்று ஆகஸ்டில் சொன்னீர்கள். அது சரியல்ல, ஐயா. பேட்டரி வண்டி நாள்தோறும் ஏழரை மணிக்கு வந்து நிற்கிறது. அதில் வரும் அம்மாள் அந்த அறைக்குள் நுழைய மறுக்கிறார். ஒருமுறை பையைத் தூக்கியபோது உள்ளிருந்து எலி குதித்து அவர் கையைப் பிறாண்டிவிட்டது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் மறுப்பேன். இப்போது தாத்தாதான் தொட்டியை வெளியே இழுத்து வருகிறார். சக்கரமில்லாத தொட்டியை எழுபது வயதில் இழுப்பது எப்படி இருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

எங்கள் பங்கும் இதில் உண்டு. சென்ற ஞாயிறு மொட்டைமாடியில் கூடிப் பேசினோம். இரவில் யாரும் குப்பை இறக்குவதில்லை, காலை ஆறரையிலிருந்து ஏழரைக்குள் மட்டும்தான். மக்கும் குப்பை பச்சைத் தொட்டியில், மக்காதது நீலத் தொட்டியில். அறைச் சாவி தாத்தாவிடம். ஏழு வீடுகள் ஒப்புக்கொண்டன. எட்டாம் வீட்டார், வேலை முடிந்து வர இரவு பதினொன்றாகிறது என்கிறார்கள். அவர்களோடு பேசிக்கொண்டிருக்கிறோம், அதை எங்களிடம் விட்டுவிடுங்கள். ஆனால் கதவே இல்லாத அறைக்குச் சாவி எதற்கு?

வேலை என்ன, செலவு என்ன என்று விசாரித்து வைத்திருக்கிறேன். அடியில் இடைவெளி இல்லாத இரும்புத் தகட்டுக் கதவு, நிலைச்சட்டத்தோடு, 9,500 ரூபாய். எலி வளையில் உடைந்த கண்ணாடித் துண்டும் ஜல்லியும் போட்டு அடைத்து, தரையைக் கான்கிரீட் போட்டுச் சமன் செய்யக் கொத்தனார் கூலியும் பொருளுமாக 4,000. குழாய் வாய்க்கு இரும்புச் சல்லடை 600. மூடியும் சக்கரமும் உள்ள 120 லிட்டர் தொட்டிகள் இரண்டு, 4,400. ஆக 18,500 ரூபாய். விளக்கை நாங்களே மாற்றிக்கொள்கிறோம். சல்லடையின் கண் அரை சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்று வெல்டிங் பட்டறையில் சொல்லியிருக்கிறேன். சுண்டெலிக்கு ஒரு பென்சில் நுழையும் துளை போதும்.

வாடகையோடு ஒவ்வொரு வீட்டாரும் மாதம் 1,500 ரூபாய் பராமரிப்புக் கட்டணம் கொடுக்கிறோம். எட்டு வீட்டுக்குச் சேர்த்து மாதம் 12,000. தாத்தாவின் சம்பளம், மோட்டார் மின்கட்டணம், படிக்கட்டு விளக்கு எல்லாம் அதிலிருந்துதான் போகின்றன என்பது தெரியும். முழுவதும் மிஞ்சுகிறது என்று சொல்லவில்லை. ஆனால் ஒப்பந்தத்தில் அந்தக் கட்டணத்துக்கு எதிரே ‘பொது இடங்களின் பராமரிப்பு’ என்று நீங்களே எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறீர்கள். குப்பை அறை பொது இடம் இல்லையென்றால் வேறு எது?

2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், கட்டடத்தின் அமைப்புச் சார்ந்த பழுதுகளை உரிமையாளர் பார்க்க வேண்டும் என்றும், அவர் மறுத்தால் குடியிருப்பவர் செய்துவிட்டுச் செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. மிரட்டுவதற்காக இதை எழுதவில்லை. செப்டம்பர் 25ஆம் தேதிக்குள் வேலை தொடங்கிவிட்டால் இந்தப் பத்தியைப் படிக்காததாக வைத்துக்கொள்ளுங்கள். தொடங்கவில்லையென்றால் நாங்கள் ஏழு வீட்டாரும் சேர்ந்து வேலையை முடித்து, ரசீதுகளை உங்களுக்கு அனுப்பிவிட்டு, அக்டோபர் வாடகையில் கழித்துக்கொள்வோம். மாநகராட்சியின் 1913 எண்ணிலும் புகார் பதிவோம். இரண்டும் நடக்காமல் இருப்பதையே விரும்புகிறேன்.

பிடிக்காவிட்டால் வேறு வீடு பார்த்துக்கொள்ளலாமே என்று உங்கள் மகன் ஒருமுறை சொன்னார். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையாக அல்லவா இருக்கிறது அது? என் மகளின் பள்ளி இங்கிருந்து நடக்கும் தூரம். மாமியாருக்கு மருத்துவர் அடுத்த தெரு. இந்த வீடு எங்களுக்குப் பிடித்திருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறேன்.

செப்டம்பர் 20, சனிக்கிழமை, நான் வீட்டில் இருப்பேன். வெல்டிங் பட்டறைக்காரரையும் கொத்தனாரையும் அன்று காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் வர முடியாவிட்டால் தொலைபேசியில் ஒரு வார்த்தை சொல்லுங்கள், போதும். முன்பணம் 5,000 ரூபாயைப் பட்டறைக் கணக்கிலேயே நேராகப் போட்டுவிடலாம். அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ப. மீனாட்சி

(ஏழு வீட்டாரின் கையெழுத்துகள் பின்பக்கத்தில் உள்ளன.)

இணைப்பு: படங்கள் ஒன்பது; பட்டறையின் விலைப்புள்ளி; ஸ்கூட்டர் பழுது ரசீதின் நகல்.

பி.கு.: நிலையின் அளவு 6 அடி 4 அங்குலம், 2 அடி 9 அங்குலம். இரண்டு முறை அளந்து பார்த்துவிட்டேன். பழைய கதவை அப்புறப்படுத்த ஆள் வைக்க வேண்டாம். அதற்குப் பின்னால் எலி கூடு கட்டியிருப்பதால் பட்டறைக்காரர் வரும் அன்று நாங்களே நாலு பேர் சேர்ந்து, கையுறையோடு, எடுத்துப் போடுகிறோம்.