மேல்மாடி கட்டும் ஒப்பந்தம்

2026 ஜனவரி 18, ஞாயிற்றுக்கிழமை, வெள்ளவத்தை, கொழும்பு.

வீட்டுக்காரி மங்களேஸ்வரியும் கட்டட ஒப்பந்தக்காரர் தவராசா பாஸும் பேசி முடித்ததை இருவருக்கும் விளங்குகிற மாதிரி இங்கே எழுதிக்கொள்கிறோம். “நான்” என்றால் வீட்டுக்காரி, “நீங்கள்” என்றால் பாஸ். “பொறியியலாளர்” என்றால் வரைபடம் கீறித் தந்தவர். அவருடைய சம்பளம் என் பொறுப்பு.

வேலை

கொழும்பு மாநகர சபை அனுமதித்த வரைபடத்தின்படி, இப்போதிருக்கிற வீட்டின் மேல் 1,100 சதுர அடி மாடி. சாமானும் கூலியும் சேர்த்து ரூபா 13,200,000. சீமெந்து, கம்பி விலை ஏறினாலும் இறங்கினாலும் தொகை மாறாது. நான் ஏதாவது மாற்றக் கேட்டால், அதற்கான விலையையும் கூடுதல் நாளையும் முதலில் எழுதி, இருவரும் கையெழுத்து வைத்த பிறகுதான் வேலை தொடங்க வேண்டும்.

காசு

கையெழுத்தன்று முற்பணம் 1,320,000. அது இந்த வீட்டுக் கம்பிக்கும் சீமெந்துக்கும்தான். பில்களை இரண்டு வாரத்துக்குள் காட்டுங்கள். தூண்களும் சுவரும் பீம் மட்டம் வரை வந்ததும் 2,640,000. பூச்சு, வயரிங், குழாய் வேலை முடிந்ததும் 2,640,000. டைல், கதவு யன்னல், பெயின்ட் எல்லாம் முடித்துத் திறப்பைக் கையில் தரும்போது 2,640,000.

ஸ்லாப்புக்கு 3,300,000, ஆனால் இரண்டாகப் பிரித்து. கொங்கிறீட் போட்டு, மறுநாள் தொடங்கிக் குறைந்தது 7 நாள் ஸ்லாப்பின் மேல் தண்ணீர் கட்டி நின்ற பிறகு 2,300,000. கொங்கிறீட் போட்ட அன்று எடுத்த கியூப்களின் 28 நாள் பரிசோதனை முடிவு சரி என்று வந்த பிறகு மீதி 1,000,000. தட்டுப் பலகையைப் பொறியியலாளர் சொல்லும் வரை கழற்றக் கூடாது. கம்பி கட்டி முடித்ததும் அவர் வந்து பார்க்காமல் கொங்கிறீட் போடவும் கூடாது. மூடிய பிறகு உள்ளே எத்தனை கம்பி என்று யாராலும் பார்க்க முடியாது, அதனால் இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

கடைசி 660,000, அதாவது மொத்தத்தில் 5 சதவீதம், கீழே சொல்லும் 12 மாதக் குறைபாட்டுக் காலம் முடியும் வரை என் கையில் நிற்கும்.

ஒவ்வொரு கட்டமும் முடிந்தது என்று பொறியியலாளர் எழுதித் தந்த 7 நாளுக்குள் வங்கி மூலம் காசு போடுவேன். நான் தாமதித்தால் அத்தனை நாளும் உங்கள் முடிவு நாளோடு கூடும். 14 நாள் தாண்டினால் நீங்கள் வேலையை நிறுத்தலாம், நான் குறை சொல்ல மாட்டேன்.

குறைபாடு

திறப்புத் தந்த நாளிலிருந்து 12 மாதம் உங்கள் பொறுப்பு. ஒரு வருடம் போனால்தான் தென்மேற்குப் பருவ மழையையும் ஐப்பசி, கார்த்திகை மழையையும் வீடு ஒரு முறையாவது பார்த்திருக்கும். தூண், பீம், ஸ்லாப் ஆகியவற்றுக்கு மட்டும் 5 வருடம்.

கீழ் வீடு கட்டிய காலத்தில், வேறொருவர் செய்த பாத்ரூம் ஆறே மாதத்தில் கசிந்து, சமையலறைச் சுவர் முழுக்கப் பூஞ்சணம் பிடித்து, அம்மா இருமிக்கொண்டே அடுப்படியில் நின்றார். டைலை உடைத்துப் பார்த்தபோது அடியில் நீர்த்தடுப்புப் பூச்சே இல்லை. அதனால் இரண்டு பாத்ரூமிலும் டைல் ஒட்டுவதற்கு முன், வடிகாலை அடைத்து 48 மணி நேரம் தண்ணீர் நிறுத்தி, கீழே நின்று இருவரும் சேர்ந்து பார்ப்போம். ஈரம் தெரிந்தால் பூச்சு மறுபடியும், உங்கள் செலவில்.

குறையை நான் வாட்ஸ்அப்பில் படத்தோடு அனுப்பினால் போதும். கசிவு, மின்சாரப் பிரச்சினை என்றால் 2 நாளில் வந்து பார்த்து 7 நாளில் சரி செய்யுங்கள். மற்றவைக்கு 14 நாள். வராவிட்டால் வேறு ஆளைப் பிடித்து, பில்லோடு அந்த 660,000-இல் கழிப்பேன். போதாததை நீங்கள் தர வேண்டும். நாங்கள் ஆணி அடித்து உடைத்தது, பின்னால் வேறு ஆள் வந்து செய்த வேலை, இவை உங்கள் தலையில் வராது. 12 மாதம் முடிந்து 14 நாளுக்குள் மீதியைத் தந்துவிடுவேன்.

தாமதம்

தொடக்கம் 2026 பெப்ரவரி 2, முடிவு செப்டெம்பர் 30. புத்தாண்டு, வெசாக் விடுமுறைகளைச் சேர்த்துத்தான் இந்த நாள் குறித்தோம். தெஹிவளையில் நாங்கள் இருக்கும் வீட்டுக்கு மாத வாடகை 80,000, மேல்மாடியை விட்டால் வரக்கூடியது 100,000. ஆக, பிந்தும் ஒவ்வொரு நாளுக்கும் 6,000 கழியும், மொத்தம் 660,000-க்கு மேல் போகாது. இது தண்டனையல்ல, எனக்கு உண்மையில் போகிற காசு.

ஆனால் கொங்கிறீட் போட முடியாத அளவு மழை, ஊரடங்கு, நாடு முழுவதும் சீமெந்துத் தட்டுப்பாடு, ஜூன் 15-க்குள் நான் டைல் தெரிவு செய்யாமை, இவற்றால் போன நாளுக்குக் கழிவில்லை. அன்றன்றே செய்தி அனுப்பினால்தான் கணக்கில் எடுப்போம். கடைசியில் மொத்தமாகச் சொன்னால் ஏற்க முடியாது. காரணமில்லாமல் 14 நாள் ஆளே வராவிட்டால், எழுத்தில் அறிவித்து, மேலும் 7 நாள் பார்த்து, ஒப்பந்தத்தை முடிப்பேன். அதுவரை செய்த வேலையைப் பொறியியலாளர் அளந்து கணக்குப் பார்ப்பார்.

சண்டை வந்தால் முதலில் பொறியியலாளர் முன் இருந்து பேசுவோம், அப்புறம் மத்தியஸ்த சபை, அதற்குப் பிறகே நீதிமன்றம்.

இரண்டு பிரதி, ஆளுக்கொன்று. ஒவ்வொரு பக்கத்திலும் இருவரும் கையெழுத்து வைத்தோம்.

வீட்டுக்காரி: மங்களேஸ்வரி
ஒப்பந்தக்காரர்: தவராசா
சாட்சிகள்: என் தம்பி சிவகுமார், பாஸின் மூத்த மேசன் நடராசா